கதிர்காமம் போக 24 பேர், பாதிக்கு மேல் வயதானவர்கள்: எத்தனை மெசேஜில் சொல்லி முடிக்கலாம்?

லிந்துலை தம்பி (பெப்ரவரி 22)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் டிவிஷனிலிருந்து மார்ச் 28, 29 சனி, ஞாயிறு கதிர்காமம் போகப் பேசியிருக்கிறோம். 24 பேர். அதில் 15 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ரோசா பஸ் ஒன்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது பஸ்ஸைப் பற்றி இல்லை, இவ்வளவு பேருக்கும் விஷயத்தை எப்படிச் சொல்லிச் சேர்ப்பது என்பதுதான்.

போன வருடம் வாட்ஸ்அப் குரூப் போட்டோம். புறப்படும் நேரம் நாலரை என்று முதலில் எழுதினேன். பிறகு ஐந்து என்றேன். டிரைவர் கேட்டுக்கொண்டதால் கடைசியில் ஐந்தரை ஆனது. நடுநடுவே சாமி படங்கள், காலை வணக்கம், யார் எந்த சீட் என்ற பேச்சு என்று நூற்றைம்பது மெசேஜுக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டு பாட்டிமாருக்கு பேரப்பிள்ளை வாசித்துக் காட்டியது அந்த முதல் நாலரை மெசேஜை மட்டும்தான். நாலு மணிக்கே சந்திக்கு வந்து பனியில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். நான் போனபோது ஒரு பாட்டிக்குக் கை விறைத்துப் போயிருந்தது. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

காசு விஷயமும் அப்படித்தான். 24 பேர் வருவதாகச் சொன்னார்கள் என்று 72,000 ரூபாய் பஸ்ஸை ஆளுக்கு 3,000 என்று பிரித்தேன். வந்தது 20 பேர். மிச்சம் 12,000 என் கையிலிருந்து போனது.

இந்தத் தடவை குறைந்த மெசேஜில் பயண வழி, செலவு, கொண்டுவர வேண்டிய சாமான், பதில் சொல்லும் கடைசி நாள் எல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஹற்றன் ஹயர்

தம்பி, நான் இருபது வருடமாக ஹயர் ஓடுகிறேன். ஒரே மெசேஜ் போதும். எல்லாவற்றையும் அதில் எழுதி குரூப்பைப் பூட்டிவிடுங்கள், அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி. வருகிறவர் வரட்டும்.

இன்னொன்று. வெள்ளி இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் விடிய அங்கே நிற்கலாம். ஒரு நாள் தங்கும் காசு மிச்சம். புத்தள வழியாகப் போனால் தூரமும் குறைவு.

பதுளை பக்தன்

கதிர்காமப் பயணம் என்றதும் வந்தேன். என் அம்மாவுக்கு 67 வயது. உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியாகப் பாதயாத்திரை போய் வந்தார். காட்டு வழி திறக்கும் திகதி கொடியேற்றத்தை ஒட்டித்தான் தெரியவரும், அதனால் மார்ச்சில் முடியாது. வயதானவர்களை நடக்க விடுவதென்றால் ஒரு மாதம் முன்பே காலைப் பழக்குங்கள். தண்ணீர் சுமக்க இளைஞர் இருவர் வேண்டும்.

லிந்துலை தம்பி

அண்ணன், நாங்கள் நடந்து போகவில்லை, பஸ்ஸில் போகிறோம். ஆனாலும் நன்றி. அம்மாவுக்கு என் வணக்கம்.

பண்டாரவளை அக்கா

தம்பி, கோயில் மாதர் சங்கத்தோடு பதினொரு வருடமாகக் கதிர்காமம் கூட்டிப் போகிறேன். ஹயர் அண்ணன் சொன்னதில் குரூப்பைப் பூட்டுவது நல்ல யோசனை. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஒரே மெசேஜில் எல்லாவற்றையும் எழுதினால் அது சரிவராது. மார்ச் முதல் வாரத்தில் சால்வை, சீப்பு, மாத்திரை என்று எழுதினால், பயணத்துக்கு முதல்நாள் அதை யார் தேடிப் பார்ப்பார்கள்? இருபது வரியில் பத்தாவது வரியில் கிடக்கும் கடைசி நாளை யார் கவனிப்பார்கள்?

நான் மூன்று மெசேஜ் போடுவேன். ஒரு விஷயம் முடிவான பிறகுதான் எழுதுவேன், அதையும் ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன். உங்களுக்குப் போன வருடம் நடந்தது இதனால்தான். நேரம் முடிவாகும் முன்பே நேரத்தை எழுதிவிட்டீர்கள். முதல் மெசேஜில் மணியே வேண்டாம், "விடியற்காலை" என்றால் போதும். அந்த நேரத்தில் பெரியவர்களுக்கு மணி தேவையில்லை. தன்னால் முடியுமா, காசு எவ்வளவு, எப்போது சொல்ல வேண்டும், இந்த மூன்றும்தான் தேவை.

"தன்னால் முடியுமா" என்பதை நிறையப் பேர் எழுதுவதில்லை. எத்தனை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி, கழிவறைக்கு எங்கே எங்கே நிறுத்துவார்கள் என்று தெரியாமல் ஒரு பாட்டி எப்படி "வருகிறேன்" என்று சொல்வார்? சொல்லிவிட்டு, பயணத்துக்கு முதல் நாள் முழங்காலை நினைத்து நின்றுவிடுவார். கடைசி நேரத்தில் ஆள் குறைவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவது மெசேஜ், பெயர் எழுதும் நாள் முடிந்த மறுநாள். யார் யார் வருகிறார்கள், வழியில் எங்கே எப்போது. மூன்றாவது, புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது. நேரம், நிற்க வேண்டிய இடம், சாமான். அவ்வளவுதான்.

ஏதாவது மாறினால் "ஐந்தில்லை, ஐந்தரை" என்று துண்டாக எழுதாதீர்கள். பழைய மெசேஜை எல்லோருக்கும் அழிக்க முடிந்தால் அழித்துவிட்டு, முழுவதையும் திரும்ப எழுதி, மேலே "புதியது" என்று போடுங்கள். பாட்டி கையில் ஒரே ஒரு தாள் இருக்க வேண்டும், அதுதான் சரியானதாகவும் இருக்க வேண்டும்.

லிந்துலை தம்பி

அக்கா, நிறைய விளங்குகிறது. கடைசி நாளை எப்படி வைப்பது? போன தடவை "சீக்கிரம் சொல்லுங்கள்" என்று எழுதினேன், பயணத்துக்கு முதல் நாள் வரைக்கும் ஆட்கள் சேர்வதும் விலகுவதுமாக இருந்தது.

இந்தத் தடவை கணக்கு இது. பஸ் இரண்டு நாளுக்கு 84,000. டிரைவருக்கும் உதவியாளருக்கும் படியும் சாப்பாடும் 6,000. அறைகள் 24,000. சாப்பாட்டுச் செலவு ஆளுக்கு 1,500. 24 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 6,250 வருகிறது.

பண்டாரவளை அக்கா

சம்பளம் பத்தாம் திகதி வாக்கில் போடுவார்கள் இல்லையா? அப்படியென்றால் கடைசி நாள் 12. சம்பளத்துக்கு முன்னால் வைத்தால் பெயர் மட்டும் வரும், காசு வராது. தள்ளி வைத்தால் கையில் காசு இருக்காது. 12ஆம் திகதி வியாழன் மாலை ஆறு மணி என்று மணியோடு எழுதுங்கள்.

பதில் என்றால் பெயரும் காசும் சேர்ந்துதான். 3,000 அட்வான்ஸ் வந்தால் அதுதான் "வருகிறேன்". குரூப்பில் கும்பிடுகிற கை போட்டால் அது பதிலில்லை. இதை முதல் மெசேஜிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

இப்போது உங்கள் கணக்கு. 6,250 என்று சொல்லாதீர்கள். பஸ், டிரைவர், அறை மூன்றும் சேர்ந்து 1,14,000. ஆள் குறைந்தாலும் அது குறையாது. 20 பேர்தான் வந்தால் அந்தப் பங்கு ஆளுக்கு 5,700, சாப்பாட்டோடு 7,200. ஆகவே 7,200 என்று சொல்லுங்கள். 24 பேரும் வந்துவிட்டால் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆளுக்கு 950 ரூபாயை எண்ணிக் கொடுங்கள். பாதி வழியில் இன்னும் காசு கேட்டால் பெரியவர்களுக்கு அது ரொம்ப அவமானமாக இருக்கும். திருப்பிக் கொடுத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

மீதி 4,200ஐ 26ஆம் திகதி வாங்குங்கள். 25 வாக்கில் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள்.

ஹயர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. புத்தள கதிர்காமம் ரோட்டில் யானை நடுவில் வந்து நிற்கும். பஸ்ஸில் சாப்பாடு இருக்கிறதா என்று தும்பிக்கையை விட்டுப் பார்க்கிற யானைகளும் உண்டு. இளம் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கலாம், பயந்த பாட்டிக்கு நெஞ்சு அடைக்கும். வெல்லவாயவிலிருந்து தணமல்வில, திஸ்ஸமகாராம வழியாகப் போவதுதான் என் வழக்கம்.

ஹற்றன் ஹயர்

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. பகலில் புத்தள ரோட்டில் நான் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இருட்டில் போகச் சொன்னது தப்புதான். இரவுப் பயணத்தை விட்டுவிடுங்கள். எல்லவிலிருந்து வெல்லவாய வரைக்கும் ஒரே இறக்கமும் வளைவும். தூங்காத வயதானவர்கள் அங்கேதான் வாந்தி எடுப்பார்கள்.

சீட் விஷயம் ஒன்று. ரோசாவில் 26 சீட் என்றால் நடுவில் மடக்குகிற சீட்டையும் சேர்த்த கணக்கு. அதில் முதுகைச் சாய்க்க முடியாது, யாராவது இறங்கினால் எழுந்து நிற்க வேண்டும். கடைசி வரிசை தூக்கிப் போடும். 15 பெரியவர்களையும் முன்னாலும் நடுவிலும் வைத்து, மடக்கு சீட்டிலும் கடைசி வரிசையிலும் இளம் ஆட்களை உட்கார வையுங்கள். இரண்டாவது மெசேஜில் சீட்டையும் எழுதிவிட்டால் ஏறும்போது சண்டை இருக்காது. சோற்றுச் சட்டிக்கும் இடம் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

மருந்தறை மிஸ்

நான் தோட்ட மருத்துவ நிலையத்தில் வேலை செய்கிறேன். அக்கா சொன்ன மூன்று மெசேஜ் முறை நல்லது. ஆனால் மருந்தை மூன்றாவது மெசேஜில் போட்டால் பிந்திவிடும். பிரஷர், சீனி வருத்தத்துக்கு கிளினிக் மாதம் ஒரு தடவைதான். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது "மாத்திரை எடுத்து வாருங்கள்" என்று எழுதினால், முடிந்துபோன மாத்திரையை எங்கே போய் வாங்குவது? மருந்து பற்றியதை இரண்டாவது மெசேஜுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்றும் எல்லாப் பயணத்திலும் பார்க்கிறேன். வழியில் கழிவறைக்கு இறங்க வேண்டி வருமே என்று வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிலர் சலம் போகிற மாத்திரையையும் தாமாகவே விட்டுவிடுவார்கள். இங்கே குளிரில் அது தெரியாது. கீழே வெயிலில் இறங்கியதும் தலை சுற்றும், வாய் காயும், பேச்சு மந்தமாகும். அந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கிளினிக் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். தாமாக நிறுத்தக் கூடாது. கழிவறைக்கு நிறுத்தும் இடங்களின் பெயரை எழுதினாலே அவர்கள் தைரியமாகத் தண்ணீர் குடிப்பார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை நிறுத்தியிருக்கும் பஸ்ஸில் விட்டுப் போகக் கூடாது, உள்ளே சூடு ஏறிவிடும்.

ஜீவனி பக்கெட் பத்து உங்கள் கையில் இருக்கட்டும். கிளினிக் கொப்பியை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும்.

பண்டாரவளை அக்கா

மிஸ் சொன்னது சரி. எனக்கு அது தோன்றவில்லை. போன வருடம் ஒரு அம்மா வெல்லவாயவில் இறங்கி மருந்துக்கடை தேடினார். காரணம் இதுதான் என்று இப்போது விளங்குகிறது. இனி நானும் மாற்றிக்கொள்கிறேன்.

கொழும்புப் பேத்தி

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். ஊரில் என் அம்மாயிக்கு 78 வயது. அவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. இப்படி ஒரு பயணத்தில் அவருக்கு எந்த மெசேஜும் போய்ச் சேராது. காசு கட்டுவது நான், தகவல் தெரிவது பக்கத்து வீட்டுக்கு. அவருக்கு இதய வருத்தமும் உண்டு. "சாகிறதுக்குள்ளே ஒருதடவை முருகனைப் பார்க்க வேண்டும்" என்கிறார். வர வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்வது? ஒழுங்கு செய்பவரா, வீட்டிலா, டொக்டரா?

லிந்துலை தம்பி

அக்கா, எங்கள் பட்டியலிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். நான் என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.

போன் இல்லாதவர்களுக்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு லயத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக வைத்து, நாலைந்து பெரியவர்களை அவரிடம் ஒப்படைப்பது. மெசேஜ் போட்ட அன்று மாலையே அவர் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அதே மெசேஜை என் குரலில் ஒரு நிமிடத்துக்குள் பேசியும் அனுப்புகிறேன். பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒன்று கோயில் சுவரில், ஒன்று கடையில். வெளியூரில் காசு கட்டும் பிள்ளைகளையும் குரூப்பில் சேர்க்கிறேன், வாசிக்க மட்டும்.

முதல் மெசேஜை எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

"கதிர்காமப் பயணம். மார்ச் 28 சனி விடியற்காலை புறப்பட்டு, 29 ஞாயிறு மாலை வீடு திரும்புகிறோம். போகும்போது ஒன்பது மணி நேரம் பஸ்ஸில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிவறைக்கு நிறுத்துவோம். கோயிலில் சமதரையில்தான் நடை, மெதுவாகப் போகலாம். கதிரமலை ஏற விரும்புபவர்கள் ஜீப்பில் போகலாம், அது தனிச்செலவு. ஒருவருக்கு 7,200 ரூபாய். பஸ், அறை, சாப்பாடு இதில் அடங்கும். மிச்சம் வந்தால் திருப்பித் தருவோம். வருபவர்கள் மார்ச் 12 வியாழன் மாலை 6 மணிக்குள் கடை அக்காவிடம் 3,000 ரூபாய் கொடுத்துப் பெயர் எழுத வேண்டும். காசு கொடுத்தால்தான் சீட். கேள்வி இருந்தால் உங்கள் லயத்துப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்."

பண்டாரவளை அக்கா

நன்றாக இருக்கிறது. ஒன்று சேருங்கள்: காசு கொடுத்த பிறகு வீட்டில் சாவு நடந்து துடக்கு வந்தால் முழுக் காசும் திருப்பித் தரப்படும். அது யார் கையிலும் இல்லாத விஷயம். அதற்குப் பயந்தே சிலர் கடைசி வரைக்கும் காசு கொடுக்காமல் இருப்பார்கள்.

ஹற்றன் ஹயர்

துடக்குக்குத் திருப்பிக் கொடுங்கள். காய்ச்சல், முழங்கால் வலி என்று முதல்நாள் நிற்பவர்களுக்கு அட்வான்ஸைக் கொடுக்கக் கூடாது. பஸ் காசு பஸ் காசுதான்.

மருந்தறை மிஸ்

அது எனக்குச் சரியாகப் படவில்லை. 3,000 ரூபாய் போய்விடுமே என்று காய்ச்சலோடு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். நெருக்கமான பஸ்ஸில் மற்றப் பெரியவர்களுக்கும் தொற்றும்.

ஹற்றன் ஹயர்

அப்படியென்றால் அந்த நட்டத்தை யார் ஏற்பது? தம்பி மறுபடியும் கையிலிருந்து போடுவதா? பதிலுக்கு வேறொருவரைப் பிடித்துத் தந்தால் காசைக் கொடுக்கலாம்.

லிந்துலை தம்பி (மார்ச் 13)

முதல் மெசேஜ் ஒன்றாம் திகதி போட்டேன். நேற்று மாலை ஆறு மணிக்கு 22 பேர் பெயரும் காசும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் ஒன்பது மணி நேரம் உட்கார முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆறேகால் மணிக்கு இன்னொருவர் காசோடு வந்தார். அவருக்காக நேரத்தை நீட்டவில்லை, ஆனால் சீட் மீதி இருப்பதால் காத்திருப்புப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். 22 பேர் என்றால் திரும்பி வரும்போது ஆளுக்கு 500 ரூபாய் கொடுக்கலாம்.

இரண்டாவது மெசேஜ் இன்று மாலை போகிறது. பெயர், சீட், மருந்து, கிளினிக் கொப்பி எல்லாம் எழுதிவிட்டேன். வழி இப்படி: நுவரெலியா தாண்டி சீதாஎலிய சீதையம்மன் கோயிலில் இருபது நிமிடம், பண்டாரவளையில் காலைச் சாப்பாடும் கழிவறையும், வெல்லவாயவில் பகல் சாப்பாடும் கழிவறையும், தணமல்வில வழியாகப் பின்னேரம் இரண்டு மணி போலக் கதிர்காமம். ஓய்வுக்குப் பிறகு மாணிக்க கங்கையில் குளிப்பு, மாலை ஆறரைப் பூசை. மறுநாள் காலை செல்லக்கதிர்காமம் போய்விட்டு ஒன்பது மணிக்குத் திரும்புகிறோம்.

பத்தரைப் பூசையும் பார்க்க வேண்டும் என்று மூன்று தாத்தாமார் கேட்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் நுவரெலியா வர இருட்டிவிடும், பனியும் இறங்கும். என்ன செய்யலாம் அக்கா?

பண்டாரவளை அக்கா

மாலைப் பூசையில் அந்த மூவரையும் முன்னால் நிற்க வையுங்கள் தம்பி. ஒன்பது மணியை மாற்றாதீர்கள், பனியில் அந்த ரோட்டு வேண்டாம். கங்கையில் கல் வழுக்கும். ஒரு பெரியவருக்கு ஒரு இளம் ஆள் என்று ஜோடி சேர்த்து, அதையும் இன்றைய மெசேஜில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது மெசேஜில் சாமான் ஏழுக்கு மேல் போக வேண்டாம்: மாற்றுடுப்பு, குளிக்க ஒரு துணி, துவாய், வார் வைத்த செருப்பு, தண்ணீர்ப் போத்தல், மருந்தும் கிளினிக் கொப்பியும் ஒரு பையில், ஒரு சால்வை. ஸ்வெட்டரை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு ஏறட்டும், வெல்லவாயவில் கழற்றிவிடலாம். தண்ணீரும் மருந்தும் மடியில் இருக்க வேண்டும், பஸ்ஸின் பின்னால் கட்டுகிற பையில் வேண்டாம்.

கொழும்புப் பேத்தி

தம்பி, உங்கள் பட்டியலில் இருந்த அந்த இதய வருத்தக்காரர் பெயர் கொடுத்தாரா?

லிந்துலை தம்பி

கொடுத்தார் அக்கா, முதல் ஆளாக. கிளினிக் அடுத்த செவ்வாய். அவர் மகனும் நானும் கூடப் போகிறோம்.